பார்த்துவிட்டுப் போனவருக்கு என்ன சொல்வது?

இணையக் கடையில் ஒருவர் 2,400 ரூபாய் ஷூவைப் பார்க்கிறார், வாங்காமல் போய்விடுகிறார். அடுத்த நாள் பேஸ்புக்கைத் திறந்தால் அதே ஷூ எதிரில் நிற்கிறது. கடையின் பக்கத்தில் பதித்த ஒரு சிறு நிரல் அவர் வந்துபோனதைக் குறித்துக்கொண்டதால் நடப்பது இது.

அந்த விளம்பரத்தில் பெரும்பாலும் இருப்பது “நீங்கள் பார்த்த ஷூ காத்திருக்கிறது, 10% தள்ளுபடி!” என்ற வரி. எனக்கு இது வீண் செலவாகவே படுகிறது. பொருள் அவருக்குத் தெரியும். தயக்கம் எங்கே என்பதுதான் கேள்வி. எடுத்த எடுப்பில் தள்ளுபடி கொடுத்தால், அடுத்த முறை அதற்காகவே காத்திருக்கப் பழகிவிடுவார்.

தயக்கத்தின் தடயம் அவர் எந்த இடத்தில் நின்றார் என்பதில் இருக்கிறது. அளவுப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டுப் போனவருக்கு, “8-ஆ, 9-ஆ? பொருந்தாவிட்டால் 7 நாளில் வீட்டுக்கே வந்து மாற்றித் தருவோம்” என்று எழுதலாம். டெலிவரி கட்டணம் தெரிந்த பிறகு விலகியவருக்கு அந்த வரி உதவாது. “2,400 ரூபாய்தான், டெலிவரி இலவசம்” என்பதே அவருக்கான பதில். இரண்டையும் கடை உண்மையிலேயே செய்ய வேண்டும்.

“நேற்று இரவு பார்த்தீர்களே” என்று எழுதினால் வேவு பார்த்ததுபோல் உறுத்தும். அதைவிட எரிச்சலூட்டுவது, வாங்கி முடித்தவரையும் விளம்பரம் துரத்துவது. வாங்கியவர்களைப் பட்டியலிலிருந்து நீக்காத கடைகளில் இது நடக்கும், “வாங்கிவிட்டேனே!” என்ற பின்னூட்டங்கள் வந்தால் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.