பெயரில் உள்ள ஒரு சிறு குறியும் கடையின் இணையத்தளமும்

கொட்டாஞ்சேனைப் பக்கம் D'Alwis, D'Silva என்று ஆங்கிலத்தில் பெயரை எழுதும் குடும்பங்கள் பல இருக்கின்றன. நம்மவர்களிலும் Mas'ood, Sa'diya என்று எழுதுவோர் உண்டு. எழுத்துகளுக்கிடையே மேலே நிற்கும் அந்தச் சிறு குறியைக் கண்டதும் சில கடைகளின் இணையத்தளங்கள் தடுமாறி நின்றுவிடுகின்றன. பெயரைப் பதியவும் முடிவதில்லை, பொருளை வாங்கவும் முடிவதில்லை. "பெயரில் அந்தக் குறியை விட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள்" என்று தளத்தைச் செய்து கொடுத்தவர் சொல்லிவிடுவார். கடைக்காரரும் அத்துடன் அதை மறந்துவிடுவார்.

உண்மையில் கடையின் பின்கதவு திறந்து கிடக்கிறது என்பதற்கான அடையாளம் அது.

வர்த்தக நிறுவனங்களின் இணையத்தளங்களைப் பரிசோதித்துக் கொடுப்பது என் தொழில். வெள்ளவத்தை, காலி வீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் தமது தளத்தைப் பார்க்க என்னை அழைத்தார். வாடிக்கையாளர் ஒருவரின் பெயரைப் பதிய முடியவில்லை என்பதுதான் முறைப்பாடு. D'Alwis என்று நான் அடித்ததும் திரையில் இப்படி வந்தது:

```
You have an error in your SQL syntax
```

"தம்பி, பூட்டுப் படம் மேலே இருக்கிறதே. தளம் பாதுகாப்பானது என்றுதானே சொன்னார்கள்?" என்று ஹாஜியார் கேட்டார். பூட்டுப் படம் பொய் சொல்லவில்லை. வாடிக்கையாளரின் கணினியிலிருந்து கடை வரையிலான பாதை பாதுகாப்பானது என்று மட்டுமே அது சொல்கிறது. கடைக்குள் வந்து சேர்ந்தவர் என்ன செய்வார் என்பது அதற்குத் தெரியாது.

உள்ளே நடப்பது இதுதான். வாடிக்கையாளர்களின் விபரங்கள் தரவுத்தளம் ஒன்றில் இருக்கின்றன. தளத்தில் ஒரு பெயரை அடித்தவுடன் மென்பொருள் தரவுத்தளத்துக்கு ஒரு கட்டளை எழுதி அனுப்புகிறது. பெயர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை அதே சிறு குறியைக் கொண்டுதான் அக்கட்டளை காட்டுகிறது. ஹாஜியாரின் தளம் அனுப்பியது இது:

```
SELECT * FROM customers WHERE name = 'D'Alwis'
```

D என்ற எழுத்தோடு பெயர் முடிந்துவிட்டதாகத் தரவுத்தளம் எண்ணிக்கொள்கிறது. மிஞ்சிய Alwis என்பதையும் ஒரு கட்டளையாக வாசிக்க முயன்று, அது புரியாமல் பிழை என்கிறது. பெயரைப் போய்க் கட்டளையாக வாசிப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. நல்ல மனிதர் தமது பெயரை அடித்தால் பிழை வருகிறது. கெட்ட எண்ணத்தோடு வருபவர் பெயருக்குப் பதிலாக `' OR '1'='1` என்று அடித்தால் கட்டளை இப்படி மாறிவிடும்:

```
SELECT * FROM customers WHERE name = '' OR '1'='1'
```

"பெயர் வெறுமையாக இருக்க வேண்டும், அல்லது ஒன்றும் ஒன்றும் சமமாக இருக்க வேண்டும்" என்பது இதன் பொருள். ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம். ஆகவே எல்லா வாடிக்கையாளரின் விபரமும் வந்துவிடும்.

களஞ்சிய அறைப் பையனுக்கு முதலாளி துண்டுக் கடதாசியில் எழுதி அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். "இந்தப் பெயருள்ளவரின் கோப்பைக் கொண்டு வா" என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டு, துண்டை வாடிக்கையாளரின் கையிலேயே கொடுக்கிறார். அவர் பெயரை எழுதிவிட்டு, "மற்றக் கோப்புகளையும் கொண்டு வா" என்றும் சேர்த்துவிடுகிறார். எது முதலாளியின் எழுத்து, எது வந்தவரின் எழுத்து என்று பையனுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வருவான்.

இந்தத் தவறுக்கு மிகவும் ஆராயப்பட்ட உதாரணம் பிரித்தானியாவின் டோக்டோக் தொலைத்தொடர்பு நிறுவனம். 2015 ஒக்டோபரில் இதே வழியால் 156,959 வாடிக்கையாளரின் விபரங்கள் திருடப்பட்டன. அவர்களில் 15,656 பேரின் வங்கிக் கணக்கு விபரங்களும் போயின. தாக்குதல் தொடர்பில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது ஒருவருக்கு வயது 17. நண்பர்களுக்குத் தம் திறமையைக் காட்டவே செய்ததாக அவர் நீதிமன்றில் சொன்னார். 2016 இல் அந்நாட்டின் தகவல் ஆணையாளர் நிறுவனத்துக்கு 4 இலட்சம் பவுண் தண்டம் விதித்தார்.

நம் வர்த்தகர்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. தாக்கப்பட்டவை டோக்டோக் தானே செய்த பக்கங்கள் அல்ல. 2009 இல் டிஸ்காலி என்ற நிறுவனத்தின் பிரித்தானியப் பகுதியை வாங்கியபோது கூடவே வந்த மூன்று பழைய பக்கங்கள் அவை. அவை இன்னும் இயங்குகின்றன என்பதே நிறுவனத்துக்குத் தெரியாமல் இருந்தது. முன்கதவுக்கு நல்ல பூட்டுப் போட்டுவிட்டு, பழைய களஞ்சியத்தின் கதவை மறந்த கதைதான். கடையின் தளத்திலும் சென்ற பெருநாள் மலிவு விற்பனைக்காகச் செய்த பக்கம் இப்படிக் கிடக்கலாம்.

இதற்குத் தீர்வு அந்தக் குறியைத் தடை செய்வதல்ல. விலை, இலக்கம் போன்றவை கட்டளையில் அந்தக் குறி இல்லாமலே எழுதப்படுவதால், அந்த வழியாக அது இன்றியே நுழையலாம். சரியான தீர்வு கட்டளையையும் வாடிக்கையாளர் எழுதியதையும் வேறு வேறாக அனுப்புவதுதான். பெயருக்குரிய இடத்தில் கேள்விக்குறி வைத்த கட்டளை முதலில் போகும்:

```
SELECT * FROM customers WHERE name = ?
```

பெயர் அதன் பின்னர் தனியாகப் போகும். அதில் என்ன எழுதியிருந்தாலும் தரவுத்தளம் அதைப் பெயராக மட்டுமே பார்க்கும். பழைய தளங்களில் ஒவ்வொரு கட்டளையாகத் தேடித் திருத்த வேண்டும். ஒன்றை விட்டாலும் கதவு திறந்ததுதான்.

திருத்தியாயிற்றா என்று கடைக்காரரே ஓரளவு பார்க்கலாம். தமது தளத்தின் எல்லாப் பெட்டிகளிலும் D'Alwis என்று அடித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பெயர் அப்படியே பதிந்து, அப்படியே திரும்பி வர வேண்டும். DAlwis என்றோ D\'Alwis என்றோ வந்தால் ஒட்டுப் போட்டிருக்கிறார்களே தவிரத் திருத்தவில்லை. சரியாக வந்தாலும் அந்தப் பெட்டிகள் அளவில்தான் நம்பிக்கை. இந்தச் சோதனையைச் சொந்தத் தளத்தில் மட்டுமே செய்ய வேண்டும். பிறர் கணினியில் அனுமதியின்றி நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றமாகும். 2016 ஓகஸ்டில் ஜனாதிபதியின் இணையத்தளத்துக்குள் நுழைந்து, உயர்தரப் பரீட்சைத் திகதியை மாற்றுமாறு எழுதியதாகக் கடுகண்ணாவையில் கைதானவரும் 17 வயது மாணவர்தான்.

இவ்வளவும் செய்தும் என்றாவது பட்டியல் களவு போகலாம். அப்போது கள்வனின் கையில் என்ன கிடைக்கிறது என்பதே அடுத்த கேள்வி. ஹாஜியாரின் தளத்தில் கடவுச்சொற்கள் இருந்த நிரலைத் திறந்தபோது பலருடைய பெயருக்கு நேரே ஒரே வரியைக் கண்டேன்:

```
e10adc3949ba59abbe56e057f20f883e
```

"இரகசிய எழுத்தில்தானே இருக்கிறது, தம்பி?" என்றார் அவர். அந்த வரியை அப்படியே இணையத்தில் தேடச் சொன்னேன். 123456 என்ற விடை உடனே வந்தது.

கடவுச்சொல்லை அரைத்து, திருப்பி எடுக்க முடியாத தூளாக வைப்பதுதான் இங்குள்ள முறை. உள்ளே வருபவர் தரும் சொல்லையும் அரைத்து, இரண்டு தூளும் ஒன்றா என்று பார்ப்பார்கள். ஆனால் ஹாஜியாரின் தளத்தில் இருந்தது எம்டி5 என்ற பழைய ஆலை. அது மிக வேகமானது. விளையாட்டுகளுக்கான வரைகலை அட்டை ஒன்று வினாடிக்குக் கோடிக்கணக்கான சொற்களை அதில் அரைத்துப் பார்க்கும். ஒரே சொல்லுக்கு எல்லோருக்கும் ஒரே தூள் வருவதால், ஒருவருடையதைக் கண்டால் அதே சொல் வைத்த அத்தனை பேரும் அகப்படுவார்கள்.

2012 இல் லிங்க்ட்இன் நிறுவனத்துக்கு நடந்தது இதுதான். சுமார் 65 இலட்சம் தூள்கள் வெளியாகின. எஸ்எச்ஏ1 என்ற வேறு ஆலையில் அரைத்தவைதான். ஆனால் அதுவும் வேகமானது, அரைக்கும்போது உப்பும் சேர்க்கப்படவில்லை. உப்பு என்பது ஒவ்வொருவருக்கும் வேறாகச் சேர்க்கும் சில எழுத்துகள். அதைச் சேர்த்தால் இருவர் 123456 என்று வைத்தாலும் தூள் வேறாகும்.

1999 இல் அறிமுகமான பீகிரிப்ட் என்ற ஆலை உப்பையும் தானே சேர்க்கும், வேண்டுமென்றே மெதுவாகவும் அரைக்கும். வாடிக்கையாளர் ஒருவருக்கு அரை வினாடி தாமதம் பெரிதல்ல. கோடிக்கணக்கான சொற்களைப் பரீட்சிக்கும் கள்வனுக்கு அது ஆண்டுக் கணக்காகிவிடும். ஹாஜியாரின் தளம் போன்று பீஎச்பி மொழியில் செய்த தளங்களில் `password_hash` என்ற கட்டளை இதைச் செய்கிறது. அது தரும் வரி வழமையாக `$2y$` என்று தொடங்கி 60 எழுத்துகள் கொண்டிருக்கும். ஆனால் 123456 என்று வைத்தவரை எந்த ஆலையும் காப்பாற்றாது. கள்வன் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

அந்த நிரலைத் திறக்காமலே ஒன்றை அறியலாம். உங்கள் தளத்தில் "கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்" என்பதை அழுத்திப் பாருங்கள். பழைய சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பினால் அது அரைக்கப்படவே இல்லை. நல்ல தளத்துக்கே உங்கள் பழைய சொல் தெரியாது. புதிதாக ஒன்றை வைக்க மட்டுமே வழி தரும்.

கடைசியாக ஊழியர்கள் விடயம். கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே வந்தவுடன் தளம் ஒரு அனுமதிச் சீட்டுக் கொடுக்கிறது. அதை டோக்கன் என்கிறார்கள். பின்னர் ஒவ்வொரு பக்கத்திலும் அந்தச் சீட்டைத்தான் பார்க்கிறார்கள். சீட்டு இலக்கத்தைக் கடைப் புத்தகத்தில் பதிந்து வைப்பது ஒரு வகை. புத்தகத்தில் பதியாமல், விபரத்தைச் சீட்டிலேயே எழுதி முத்திரை குத்திக் கொடுப்பது இன்னொரு வகை. இரண்டாவது வகை கையடக்கத் தொலைபேசிச் செயலிகளில் அதிகம். `eyJ` என்று தொடங்கும் நீண்ட வரியாக அது இருக்கும். முத்திரை இருப்பதால் எழுதியதை மாற்ற முடியாது. ஆனால் சீட்டு கையில் இருப்பவர் எவரும் அதை வாசிக்கலாம். இரகசியம் எதையும் அதில் எழுதக் கூடாது.

ஹாஜியாரின் கடையில் சீட்டுக்கு ஒரு வருட ஆயுள் கொடுத்திருந்தார்கள். வேலையை விட்டுப் போன விற்பனையாளரின் கடவுச்சொல்லை அன்றே மாற்றியிருந்தார்கள். ஆனால் அவரது தொலைபேசியில் இருந்த சீட்டு மாதங்கள் கடந்தும் செல்லுபடியாகியது. கடையின் கொள்வனவு விலைகளை அவர் விரும்பினால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கலாம். புத்தகத்தில் பதிந்த சீட்டென்றால் பெயரை வெட்டிவிடலாம். முத்திரைச் சீட்டைத் தனியே வெட்ட வழியில்லை. அதனால் அதன் ஆயுளைப் பதினைந்து நிமிடம் போலக் குறைத்து, புதுப்பிக்க வரும் ஒவ்வொரு முறையும் அந்த ஊழியர் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று பார்க்கச் செய்ய வேண்டும்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நிறைவேற்றப்பட்டபோது ஒரு கோடி ரூபா வரை தண்டத்துக்கு இடமளித்தது. தண்டத்தை விடவும் நம்பி விபரம் தந்த வாடிக்கையாளரின் அமானிதம் பெரிது. தளம் செய்து தருபவருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் மூன்றை அவர் உங்கள் எதிரிலேயே காட்ட வேண்டும். D'Alwis என்ற பெயர் எல்லாப் பெட்டியிலும் சரியாகப் பதிய வேண்டும். ஒரே கடவுச்சொல் வைத்த இருவருக்கு நேரே வெவ்வேறு வரிகள் இருக்க வேண்டும். ஊழியர் ஒருவரை நீக்கினால் அவரது தொலைபேசி எத்தனை நிமிடத்தில் வெளியே தள்ளப்படுகிறது என்பதை மணிக்கூட்டைப் பார்த்து எண்ண வேண்டும். இம்மூன்றுக்கும் அரை மணித்தியாலம் போதும்.