சாக்ரடீஸ் பிறந்தது எந்த ஆண்டு?

சாக்ரடீஸ் 77-ஆம் ஒலிம்பியாடின் நான்காம் ஆண்டில், தார்கேலியன் மாதம் ஆறாம் நாள் பிறந்தார். 95-ஆம் ஒலிம்பியாடின் முதலாண்டில், எழுபது வயதில் இறந்தார். டையோஜெனிஸ் லேயர்ஷியஸ் என்ற பழைய வரலாற்றாசிரியர் தரும் செய்தி இது. இதை நம் கணக்குக்குக் கொண்டுவருவது எப்படி?

ஒலிம்பியாட் என்பது நான்காண்டுக் காலம். முதல் ஒலிம்பியாட் கி.மு. 776-இல் தொடங்குகிறது. 77-ஆவது தொடங்கும் முன் 76 ஒலிம்பியாடுகள், அதாவது 304 ஆண்டுகள் கழிந்திருக்கும். 776-இல் 304 போக 472. அது முதலாண்டு, நான்காம் ஆண்டு கி.மு. 469.

இத்தோடு நிறுத்தினால் தவறு. ஒலிம்பியாட் ஆண்டு கோடையில் தொடங்கி அடுத்த கோடை வரை செல்லும். ஆகவே அந்த நான்காம் ஆண்டு 469-இன் நடுவில் தொடங்கி 468-இன் நடுவில் முடிகிறது. அறிஞர்கள் 469/468 என்று சாய்கோடிட்டு எழுதுவது இதனால்தான். மாதம் தெரிந்தால் கோடு தேவையில்லை. தார்கேலியன் ஏறத்தாழ மே மாதம், ஏதென்ஸ் ஆண்டின் கடைசிக்கு முந்தைய மாதம். எனவே இந்தக் குறிப்பின்படி பிறப்பு கி.மு. 468. இறந்த ஆண்டு, இதே வழியில், 400/399. அவருடைய வழக்கு அந்த ஆண்டின் பிற்பகுதியில் நடந்ததால் அதைக் கி.மு. 399 என்கிறோம்.

இப்போது கழித்துப் பாருங்கள்: 69 தான் வருகிறது. ஆனால் விசாரணையின்போது தமக்கு எழுபது வயது என்று சாக்ரடீஸ் சொல்வதாக அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதுகிறார். எழுபது நிறைந்துவிட்டது என்று கொண்டால் பிறப்பு 469-க்குப் பிந்தியிருக்க முடியாது; எழுபது நடக்கிறது என்று கொண்டால் 468-க்கும் இடமுண்டு. நூல்களில் பெரும்பாலும் 470 அல்லது 469 என்று காண்பது முதல் வாசிப்பால்தான். என் பார்வையில் அதுவே சரி. உடனிருந்தவரின் சாட்சியத்துக்குத்தான் எடை அதிகம்.

ரோமானியரிடம் சூத்திரம் கிடையாது. அவ்வாண்டின் இரு கான்சல்களின் பெயர்களே ஆண்டின் பெயர். பட்டியலில் தேடித்தான் ஆக வேண்டும். சிசரோவும் ஆண்டோனியஸும் கான்சல்களாக இருந்தபோது அகஸ்டஸ் பிறந்தார்: கி.மு. 63, செப்டம்பர் 23. இறந்தது கி.பி. 14, ஆகஸ்ட் 19. இரண்டையும் கூட்டினால் 77. சுழிய ஆண்டு இல்லாததால் ஒன்றைக் கழிக்க 76. பிறந்தநாளுக்கு இன்னும் 35 நாள் இருந்தது. சூட்டோனியஸும் அதே 35 நாள் குறைவைத்தான் குறிப்பிடுகிறார். ஆக, கணக்கு சரி.

கி.மு. 153-க்கு முந்தைய கான்சல் ஆண்டுகளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அதுமுதல்தான் கான்சல்கள் ஜனவரி 1-இல் பதவியேற்றனர். அதற்கு முன் சில பத்தாண்டுகள் அது மார்ச் 15. அக்காலத்தில் ஜனவரியில் நடந்த ஒன்றைப் பட்டியல் காட்டும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் வைக்க வேண்டும்.