வேலையை விட்டு விலகும்போது கையில் வரவேண்டியது

சென்ற ஆண்டு ஒரு மாலை, கட்டுகஸ்தோட்டையில் வாடகை அறையில் இருக்கும் ஒரு சகோதரி என்னைத் தேடி வந்தார். முல்லைத்தீவைச் சேர்ந்தவர். யுத்தத்தில் கணவரை இழந்தவர். கண்டி நகரில் ஒரு புடவைக் கடையில் 6 வருடமும் 8 மாதமும் வேலை செய்திருந்தார். ஊரிலுள்ள தாயார் திடீரெனப் படுக்கையில் விழுந்ததால் உடனே போகவேண்டிய நிலை. மாதம் 8ஆம் திகதி விலகல் கடிதம் கொடுத்து 18ஆம் திகதியுடன் நின்றுவிட்டார்.

"மிஸ், ஒரு மாத நோட்டீஸ் குடுக்காமப் போறபடியால் எனக்கு ஒண்டும் கிடையாதாம் எண்டு முதலாளி சொல்லிப்போட்டார்" என்றார். அவருடைய நியமனக் கடிதத்தை வாசித்தேன். விலகுபவர் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். இல்லையேல் குறைகின்ற நாட்களுக்குரிய சம்பளத்தைச் செலுத்த வேண்டும் என்றிருந்தது. ஆகவே அவர் தரவேண்டியது அந்த நாட்களின் சம்பளம் மட்டுமே. மற்ற எல்லாவற்றையும் இழக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

இருவருமாக இருந்து கணக்குப் பார்த்தோம். மாதச் சம்பளம் 36,000 ரூபா. 30 நாளால் பிரித்தால் நாளொன்றுக்கு 1,200 ரூபா. முன்னறிவித்தலில் 10 நாள் வேலை செய்துவிட்டார். குறைவது 20 நாள். அதற்கு 24,000 ரூபா. இது அவர் முதலாளிக்குக் கொடுக்கவேண்டியது.

இனி முதலாளி கொடுக்கவேண்டியது. கடைசி மாதம் வேலை செய்த 18 நாளுக்கு 21,600 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 1,728 ரூபா கழிய, 19,872 ரூபா.

அடுத்தது பணிக்கொடை. பலர் இதை வயது போய் ஓய்வு பெறுபவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஒரே இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவர் தானாக விலகினாலும் அது அவருக்கு உரியது. விலகுவதற்கு முந்திய 12 மாதத்தில் ஒரு நாளாவது 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் அங்கு வேலை செய்திருக்க வேண்டும். அந்தக் கடையில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். மாதச் சம்பளக்காரருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதியைப் பூர்த்தியான வருடங்களால் பெருக்க வேண்டும். 18,000 ரூபா வீதம் 6 வருடத்துக்கு 108,000 ரூபா. மீதி 8 மாதம் கணக்கில் வராது. 4 வருடமும் 11 மாதமுமானால் இச்சட்டத்தின் கீழ் ஒன்றுமே இல்லை. எனவே விலகும் திகதியை எழுதுமுன் சேர்ந்த திகதியைப் பாருங்கள்.

108,000 உடன் 19,872ஐக் கூட்டி 24,000ஐக் கழித்தால் 103,872 ரூபா. "ஒண்டும் கிடையாது" என்ற கணக்கு இப்படி முடிந்தது!

பணிக்கொடையை முதலாளி பிடித்து வைக்கச் சட்டம் இடம் தருவது மோசடி, கையாடல், வேண்டுமென்று பொருளைச் சேதப்படுத்தல் போன்ற காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு மட்டுமே. அதுவும் அந்த நட்டத்தின் அளவுக்குத்தான். முன்னறிவித்தல் குறைந்தது அந்தப் பட்டியலில் இல்லை. பணிக்கொடையை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் முதல் மாதத்துக்குள் 10 வீதம் மேலதிகமாகச் சேரும். ஒரு வருடம் கடந்தால் அது 30 வீதமாகும்.

சேமலாப நிதி முதலாளியின் கையில் இல்லை. ஊழியரின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் மத்திய வங்கியில் அவருடைய பெயரில் கிடக்கும். வேலையை விட்ட பெண்கள் 50 வயதில் அதை எடுக்கலாம். திருமணத்துக்காக விலகினால் முன்னதாகவும் எடுக்கலாம். ஆகையால் இந்தச் சகோதரிக்கு அது இப்போது கைக்கு வராது. ஆனால் சம்பளத்தில் கழித்த பணம் மாதாமாதம் உண்மையில் கட்டப்பட்டதா என்பதை, போகுமுன் தன் அங்கத்துவ இலக்கத்தைக் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாளி மட்டும் 3 வீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதியம் வேறு. அதை வேலையை விட்டவுடன் கேட்கலாம்.

கணக்கை ஒரு தாளில் எழுதி, விலகல் கடிதத்தின் பிரதியுடன் முதலாளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். சில நாளில் கடையிலிருந்து அழைத்து 20,000 ரூபாவைக் காட்டி, "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் ஒப்பம் கேட்டார்கள். அவர் வைக்கவில்லை. இப்படியான தாளில் ஒப்பமிட்டால் பின்னர் கேட்பது மிகக் கடினம். 30 நாள் கழிந்ததும் கண்டித் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிட்டார். நியமனக் கடிதமும் சம்பளத் துண்டுகளும் அவரிடம் பத்திரமாக இருந்தன. விசாரணைக்குத் திகதி குறித்ததும் கடையிலிருந்து காசோலை வந்தது.

15 பேருக்குக் குறைந்த சிறிய கடைகளில் இந்தச் சட்டம் செல்லாது. அங்குள்ளவர்கள் தொழில் நியாய சபையிலேயே பணிக்கொடை கேட்க வேண்டும். அதற்குக் கால எல்லை உண்டு என்பதால், வேலையை விட்டவுடனேயே தொழில் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.