ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க எவ்வளவு செலவு செய்யலாம்?

பாரம்பரிய நெல் போட்டு, அரிசியாக்கி, நேரடியாக விற்கும் நண்பர்களிடம் பேசினால் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு இது: "ஸ்டால் போட்டா நல்லா ஓடுது சார். ஆனா வருஷக் கடைசியில பார்த்தா கையில ஒண்ணும் நிக்கல." விற்ற பணத்தைக் கணக்கு வைத்திருப்பார்கள். ஆளைக் கணக்கு வைத்திருக்க மாட்டார்கள். நேரடி விற்பனைக்கு ஆள் கணக்குதான் அடிப்படை.

நான் வங்கியில் இருந்தவன் என்பதால் இதைக் கடன் போலத்தான் பார்ப்பேன். கண்காட்சிக்கு வாடகை கட்டுகிறோம், வண்டி பிடிக்கிறோம், நோட்டீஸ் அடிக்கிறோம். அது புதிதாக வரும் வாடிக்கையாளருக்கு நாம் கொடுக்கும் கடன் மாதிரி. அவர் ஒவ்வொரு முறை அரிசி வாங்கும்போதும் நமக்கு மிஞ்சுகிற தொகைதான் தவணை. ஒரு தவணையோடு காணாமல் போகிறவர் வாராக்கடன். அவர் நம்மோடு இருக்கும் காலம் முழுவதும் கட்டும் தவணைகளின் கூட்டுத்தொகைக்கு 'வாடிக்கையாளரின் ஆயுட்கால மதிப்பு' என்று பெயர். முதல் முறை வாங்கிய 100 பேரில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள் என்பது 'மறுகொள்முதல் விகிதம்'. ஒருவரைப் பிடிக்க நாம் செய்யும் செலவு அந்த ஆயுட்கால மதிப்பைத் தாண்டக் கூடாது. விஷயம் இவ்வளவுதான், ஆனால் கணக்குப் போடும் இடத்தில்தான் வழுக்குகிறது.

ஒரு பைக்கு உண்மையில் என்ன மிஞ்சுகிறது?

நம் வட்டத்தில் ஒரு நண்பர் தூயமல்லி அரிசியைப் 10 கிலோ பையாக விற்கிறார். அவருடைய நோட்டை வைத்து உட்கார்ந்து போட்ட கணக்கைச் சொல்கிறேன். புரிவதற்காக எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன்.

கிலோ 85 ரூபாய், பை 850 ரூபாய். சாகுபடி, அறுவடை, அரவை எல்லாம் சேர்த்துத் தனக்குக் கிலோவுக்கு 45 ரூபாய் அடக்கம் என்று அவர் எழுதியிருந்தார். பை, பேக்கிங், பார்சல் 80 ரூபாய். ஆக ஒரு பைக்கு 320 ரூபாய் லாபம் என்பது அவர் கணக்கு.

ஆனால் அதே அரிசியை ஓர் இயற்கை அங்காடி கிலோ 62 ரூபாய்க்கு மொத்தமாக வீட்டு வாசலிலேயே எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. அதாவது எந்த வாடிக்கையாளரும் இல்லாமலேயே அவருக்கு 620 ரூபாய் நிச்சயம். நேரடியாக விற்பதால் கூடுதலாகக் கிடைப்பது 850-க்கும் 620-க்கும் உள்ள 230 ரூபாய்தான். அதில் பேக்கிங், பார்சல் 80 போனால் 150 ரூபாய். விளைவித்ததற்கான லாபம் நிலத்துக்குச் சேர வேண்டியது. வாடிக்கையாளர் கொண்டுவந்தது இந்த 150 மட்டுமே. 320-ஐ வைத்து விளம்பரச் செலவை முடிவு செய்தால், நம் உழவின் லாபத்தை எடுத்து ஸ்டால் வாடகையாகக் கட்டுகிறோம் என்று அர்த்தம்.

100 பேர் வந்தால் எத்தனை பை போகும்?

தை மாத அறுவடைக்குப் பிறகு அவரிடம் புதிதாக 100 பேர் வாங்கியிருந்தார்கள். இரண்டாம் முறை வந்தவர்கள் 40 பேர். மூன்றாம் முறை 28, நான்காம் முறை 22, ஐந்தாம் முறை 18. இப்படிக் குறைந்துகொண்டே போய், 12-ஆம் பை வரை வந்தவர்கள் 4 பேர்.

முதல் பைக்கும் இரண்டாம் பைக்கும் நடுவில் 60 பேர் விழுந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்படி விழவில்லை. இரண்டாம் முறை வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் மூன்றாம் முறையும் வந்தார்கள். அதற்கு மேல் பத்துக்கு எட்டுப் பேர் அடுத்தடுத்துத் தொடர்ந்தார்கள். தினசரிச் சாப்பாட்டுப் பொருளுக்கு இது இயல்பு. வீட்டில் ஒரு அரிசி பழகிவிட்டால் மாற்ற மாட்டார்கள்.

எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு வருடத்தில் 264 பை. முதல் 100-ஐக் கழித்தால் 164. இதை வாங்கியவர்கள் திரும்பி வந்த அந்த 40 பேர்தான். அதாவது திரும்பி வந்த ஒருவர் சராசரியாக இன்னும் நாலு பை, துல்லியமாகச் சொன்னால் 4.1 பை எடுத்திருக்கிறார்.

264 பைக்கு 150 ரூபாய் வீதம் 39,600 ரூபாய். 100 பேருக்கு வகுத்தால் ஒருவருக்கு 396 ரூபாய். ஒரு வருடக் கணக்கில் அவருடைய வாடிக்கையாளரின் ஆயுட்கால மதிப்பு இது. இரண்டாம் வருடமும் வருவார்கள்தானே என்று கேட்கலாம். வரலாம். ஆனால் ஒரு அறுவடை முதல் அடுத்த அறுவடை வரைதான் கையில் கணக்கு இருக்கிறது. இல்லாத கணக்கை நம்பிக் கடன் கொடுக்கக் கூடாது.

சராசரி மறைத்த விஷயம்

ஒருவருக்கு 396 கிடைக்கிறது, கண்காட்சியில் ஒருவரைப் பிடிக்க 350 ஆகிறது, பரவாயில்லையே என்று தோன்றும். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த 100 பேரும் ஒரே வழியில் வந்தவர்கள் இல்லை. 60 பேர் கண்காட்சியில் வாங்கியவர்கள். 40 பேர் ஏற்கெனவே வாங்குகிறவர்கள் சொல்லி வந்தவர்கள். நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் 'எப்படி வந்தார்' என்று ஒரு கட்டம் இருந்ததால் பிரித்துப் பார்க்க முடிந்தது.

கண்காட்சிக்காரர்கள் 60 பேரில் திரும்பி வந்தது 15 பேர், நாலில் ஒருவர். முதல் 60 பையோடு, 15 பேர் எடுத்த சுமார் 62 பை சேர்த்து 122 பை. மிஞ்சியது 18,300 ரூபாய், ஒருவருக்கு 305. ஸ்டால் வாடகை, வண்டி, ஆள் கூலி, ருசி பார்க்கக் கொடுத்த பொங்கல் எல்லாம் சேர்த்துச் செலவு 21,000 ரூபாய், ஒருவருக்கு 350. ஆக 2,700 ரூபாய் நஷ்டம்.

சொல்லி வந்த 40 பேரில் 25 பேர் திரும்பி வந்தார்கள். 40 பையோடு 102 பை சேர்த்து 142 பை, 21,300 ரூபாய். ஒருவருக்கு 532 ரூபாய். இவர்களைப் பிடிக்க ஆன செலவு? சொன்னவருக்கு நன்றியாக ஒரு கிலோ அரிசி. அதை 85 என்று எழுதாமல் 62 என்றே எழுத வேண்டும். பை, போன் செலவு சேர்த்து 80 ரூபாய்.

மொத்தத்தில் லாபம் தெரிந்தது. ஆனால் அந்த லாபம் முழுக்க இரண்டாவது கூட்டத்திடமிருந்து வந்தது. அதனால் வரம்பை ஒவ்வொரு வழிக்கும் தனியாகப் போட வேண்டும். கண்காட்சி ஆளுக்கு 305-க்கு மேல் போகக் கூடாது. அதுவும் வருடம் முழுக்கத் துளித் துளியாகத் திரும்பும் பணம் என்பதால், 200, 220-க்குள் நிறுத்துவது நல்லது.

அதற்காகக் கண்காட்சி வேண்டாம் என்று உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். 'சொல்லி வந்த' 40 பேரில் சொன்னவர் யார் என்றும் கேளுங்கள். அதில் 10 பேரைக் கண்காட்சியில் கிடைத்த ஆட்கள் அனுப்பியிருந்தால், ஆளுக்கு 532-இல் 80 போக 452 வீதம் 4,520 ரூபாய் கண்காட்சியின் கணக்கில் சேர வேண்டும். 2,700 நஷ்டம் அப்போது 1,820 லாபமாகிவிடும்.

முதல் பைக்கு 20 சதவீதத் தள்ளுபடி என்பதும் ஆள் பிடிக்கும் செலவுதான். 850-இல் 170 போகிறது. மிஞ்சும் 150-ம் போய், கையிலிருந்து 20 ரூபாயும் போகிறது. தள்ளுபடி இல்லாமலே வாங்கியிருக்கக்கூடிய பழைய ஆளும் அதில் வாங்கினால், அது வீண் செலவு.

செலவைக் கூட்டாமல் வரம்பை உயர்த்துவது

அந்தக் கண்காட்சிக் கூட்டத்தில் 15 பேருக்குப் பதில் 20 பேர் திரும்பியிருந்தால்? ஐந்து பேர், சுமார் 20 பை, 3,000 ரூபாய். நஷ்டம் அங்கேயே அடைபட்டிருக்கும். எனவே பணத்தைப் போடும் முன் அந்த இரண்டாவது பை ஏன் போகவில்லை என்று பார்க்க வேண்டும்.

திரும்பாதவர்களிடம் போனில் விசாரித்தால் காரணங்கள் பெரும்பாலும் சமையலறையில்தான் இருக்கும். தவிடு நீக்காத அரிசியைக் கடை அரிசி மாதிரி ஊறவைக்காமல், அதே அளவு தண்ணீரில் வைத்து, "வேகவே இல்லை" என்று ஒதுக்கியிருப்பார்கள். மாப்பிள்ளைச் சம்பா என்றால் இரவே ஊறவைக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும், நகரத்தில் இருக்கிறவருக்குத் தெரியாது. இன்னொன்று வண்டு. தவிடு உள்ள அரிசியில் வண்டு சீக்கிரம் வரும், நாள்பட்டால் சிக்கு வாடையும் அடிக்கும். இரண்டு பேர் உள்ள வீட்டுக்குப் 10 கிலோ கொடுத்தால் பாதிப் பையிலேயே இது நடக்கும். ஊறவைக்கும் நேரமும் தண்ணீர் அளவும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, சின்னக் குடும்பத்துக்கு 5 கிலோ பை, பை தீரும் தருவாயில் 25-ஆம் நாள் ஒரு போன். இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம்.

விகிதத்தைப் பார்க்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். போன வாரம் வாங்கியவர் இன்னும் திரும்பவில்லை என்பதில் பொருளே இல்லை, அவர் பை இன்னும் தீரவில்லை. வாங்கி மூன்று மாதம் ஆனவர்களை மட்டும் எடுத்து, மாதவாரியாகப் பிரித்து எண்ணுங்கள். எல்லோரையும் ஒன்றாகப் போட்டால், புது ஆட்கள் அதிகம் வந்த மாதத்தில் விகிதம் விழுந்தது போலத் தெரியும்.

களஞ்சியம் போடும் வரம்பு

விவசாயிக்கு இன்னொரு வரம்பும் உண்டு. இந்த 100 பேருக்கு வருடத்தில் 264 பை, 2,640 கிலோ அரிசி வேண்டும். 100 கிலோ நெல்லுக்கு 60 கிலோ அரிசி என்று வைத்தால் 4,400 கிலோ நெல், 75 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 59 மூட்டை. ஏக்கருக்கு 16 மூட்டை எடுத்தாலும் மூன்றரை ஏக்கருக்கு மேல் வேண்டும்.

இரண்டு ஏக்கர்காரர் 100 பேரைப் பிடித்தால் வருடம் முடியும் முன்பே அரிசி தீர்ந்துவிடும். கடைசியில் வாங்க நிற்பவர்கள் யார்? பழகிப்போன, தவறாமல் வரும் நல்ல ஆட்கள். "இருப்பு இல்லீங்க" என்று ஒரு முறை சொன்னால் அவர் வேறு அரிசிக்குப் பழகிவிடுவார். அடுத்த தையில் அவரை மறுபடியும் 350 ரூபாய் கொடுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆகவே அறுவடை முடிந்ததும் முதலில் பழைய ஆட்களின் வருடத் தேவையைக் களஞ்சியத்தில் ஒதுக்குங்கள். மீதி எத்தனை பை என்று பார்த்து, அதை 2.64-ஆல் வகுத்தால் இந்த வருடம் எத்தனை புது ஆட்கள் போதும் என்பது தெரிந்துவிடும். அந்த 2.64 என் நண்பரின் எண். உங்கள் நோட்டில் வேறாக இருக்கும்.

அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பெயர், முதல் பை வாங்கிய தேதி, எப்படி வந்தார், யார் சொன்னார், அதன்பின் ஒவ்வொரு பைக்கும் தேதி. இந்தத் தையில் எழுதத் தொடங்கினால், சித்திரைக் கடைசியில் உங்கள் முதல் மறுகொள்முதல் விகிதம் கையில் இருக்கும். அடுத்த கண்காட்சிக்கு முன்பணம் கட்டும் முன் அதைப் பாருங்கள்.