சந்தா ஓரிடம், கல்லா வேறிடம்

ஐபோனில் ஒரு செயலியைத் திறந்து, அதற்குள்ளேயே மாதத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பக்கப் பொத்தானை இருமுறை அழுத்தி முகத்தைக் காட்டினால் சந்தா தொடங்கிவிடுகிறது. சில மாதங்கள் கழித்து அதே நிறுவனத்தின் இணையதளத்துக்குள் நுழைந்து பார்த்தால், ரத்து செய்யும் பொத்தானையே காணோம். திட்டத்தை மாற்றவும் வழியில்லை. ‘உங்கள் சந்தா ஆப்பிள் வழியாக வாங்கப்பட்டது, அங்கேயே மாற்றிக்கொள்ளவும்’ என்று ஒரு வரி மட்டும் இருக்கும். ரத்து செய்யும் வழியை வேண்டுமென்றே ஒளித்துவைக்கும் நிறுவனங்கள் உண்டு. அதனால் இதுவும் அப்படி ஒரு தந்திரம் என்று பலர் கோபப்படுகிறார்கள். ஆனால் இங்கே நிறுவனத்தின் கையில் உண்மையிலேயே அந்தச் சாவி இல்லை.

காரணம், பணம் விழுந்த கல்லா வேறொருவருடையது. இணையதளத்தில் நேரடியாகச் சந்தா கட்டினால், அந்த நிறுவனமே விற்பனையாளர். கார்டு எண்ணை வங்கி சார்ந்த பணப்பரிமாற்ற நிறுவனம் வைத்திருந்தாலும், அடுத்த மாதம் பணம் எடுக்கச் சொல்வதும் நிறுத்தச் சொல்வதும் சேவை நிறுவனம்தான். ஆப் ஸ்டோரிலோ பிளே ஸ்டோரிலோ வாங்கும்போது வசூல், ரசீது, மாதாமாதப் புதுப்பிப்பு எல்லாமே கடையின் பொறுப்பு. கார்டு அறிக்கையில்கூடச் செயலியை நடத்தும் நிறுவனத்தின் பெயர் வராமல் APPLE.COM/BILL என்று வருவது இதனால்தான். கடை தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பிறகு நிறுவனத்துக்கு அனுப்புகிறது. வாடிக்கையாளரின் கார்டு எண்ணும் யுபிஐ முகவரியும் அவர் ஆப்பிள் கணக்கில் நுழையும் மின்னஞ்சலும் நிறுவனத்துக்குப் போவதில்லை.

பிறகு நிறுவனத்திடம் என்னதான் இருக்கிறது? ஆப்பிள் அனுப்பும் பதிவிலிருந்து முக்கியமான மூன்று வரிகளை எடுத்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
originalTransactionId: 2000000123456789
productId: premium_monthly
expiresDate: 1767225600000
```

முதல் வரி, சந்தா முதன்முதலில் வாங்கப்பட்டபோது கடை கொடுத்த எண். அடுத்தது எந்தத் திட்டம் என்பது. மூன்றாவது, எதுவரை கட்டணம் கட்டியிருக்கிறது என்று கணினிக் கணக்கில் எழுதிய தேதி. நிறுவனத்தின் சர்வர் இதைத் தன் வாடிக்கையாளர் கணக்கோடு முடிச்சுப்போட்டுக்கொண்டு, அந்தத் தேதிவரை சேவையைத் திறந்துவைக்கிறது. புதுப்பிப்பு நடந்தால் கடையிலிருந்து DID_RENEW என்று தகவல் வரும். வாடிக்கையாளர் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தினால் DID_CHANGE_RENEWAL_STATUS என்று வரும். நிறுவனம் இந்தத் தகவல்களைக் கேட்டுத் தன் ஏட்டைத் திருத்திக்கொள்கிறது. கேட்டால் நிலவரம் தெரியும், குறிப்பிட்ட வரம்புக்குள் சில நாட்களை இலவசமாக நீட்டித்துக் கொடுக்கலாம். ஆனால் ஆப்பிளின் வழக்கமான சந்தாக்களில் ‘இதை நிறுத்து’ என்றோ ‘பணத்தைத் திருப்பிக் கொடு’ என்றோ நிறுவனம் உத்தரவிட முடியாது. பணம் திரும்ப வேண்டுமென்றால் வாடிக்கையாளரே reportaproblem.apple.com பக்கத்தில் ஆப்பிளிடம் கேட்க வேண்டும்.

கூகுள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தளர்வு. பிளே ஸ்டோர் வழி வந்த சந்தாவை நிறுவனமே ரத்து செய்யவும் பணம் திருப்பித் தரவும் கூகுள் கதவு வைத்திருக்கிறது. அந்த வசதியைத் தங்கள் இணையதளத்தில் இணைக்காமல், வாடிக்கையாளரைப் பிளே ஸ்டோருக்கே அனுப்பிவிடும் நிறுவனங்களும் உண்டு. அங்கே கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. பணம் கட்டும் முறையை மாற்றுவது மட்டும் கூகுள் கணக்கில்தான் நடக்கும்.

திட்டத்தை மாற்றுவது ரத்து செய்வதைவிடச் சிக்கலானது. ஆப்பிளில் மாதத்தின் நடுவே உயர்ந்த திட்டத்துக்குப் போனால், பழைய திட்டத்தில் மிச்சமிருக்கும் நாட்களின் பணத்தைக் கடை கணக்கிட்டுத் திருப்புகிறது. தாழ்ந்த திட்டத்துக்கு இறங்கினால் அடுத்த புதுப்பிப்பு நாளில்தான் அது நடக்கிறது. இந்தக் கூட்டல் கழித்தல் கடையின் ஏட்டில் நடப்பதால் இணையதளம் அதில் கைவைக்க முடியாது.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது தரகு. செயலிக்குள் வாங்கும் சந்தாவில் ஆப்பிள் பொதுவாக முதல் ஆண்டில் 30 சதவீதமும் அதன்பின் 15 சதவீதமும் எடுக்கிறது. சிறு நிறுவனங்களுக்குத் தொடக்கத்திலிருந்தே 15. கூகுள் 2022 முதல் சந்தாக்களுக்கு 15 சதவீதம் என்று வைத்தது. இந்தத் தரகு பொறுக்காமல்தான் நெட்பிளிக்ஸ் 2018 இறுதியில் ஐபோன் செயலிக்குள் புதிய சந்தா சேர்ப்பதை நிறுத்தியது. சில நிறுவனங்கள் தரகை விலையிலேயே ஏற்றிவிடுகின்றன: 2023இல் அமெரிக்காவில் யூடியூப் பிரீமியம் இணையதளத்தில் மாதம் 13.99 டாலர், ஐபோன் செயலிக்குள் வாங்கினால் 18.99 டாலர்.

குழப்பம் பெரும்பாலும் போனை மாற்றும்போது தொடங்குகிறது. மொழி கற்பிக்கும் செயலி ஒன்றில் மாதம் 499 ரூபாய்த் திட்டத்தை ஒருவர் ஐபோனில் வாங்குகிறார், ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி புதுப்பிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு ஐபோனை விற்று ஆண்ட்ராய்டுக்கு மாறுகிறார். செயலியை நீக்கியாயிற்று, போனையும் கொடுத்தாயிற்று, ஆகவே சந்தா முடிந்தது என்று நினைக்கிறார். 10ஆம் தேதி பணம் போகிறது. செயலியை நீக்குவது சந்தாவை நிறுத்தாது. அந்த நிறுவனத்தில் உள்ள கணக்கையே அழித்தாலும் ஆப்பிளின் வசூல் தொடரும். இதற்கிடையே புதிய போனில் வேறொரு மின்னஞ்சலில் நுழைந்து, பழைய சந்தா தெரியவில்லையே என்று இணையதளத்தில் இன்னொரு 499 கட்டினால், இரண்டு கல்லாவிலும் ஒரே மாதத்தில் 998 ரூபாய் போகும். ஒரு கல்லாவுக்கு மற்றது தெரியாது.

அவர் செய்ய வேண்டியது பழைய ஆப்பிள் கணக்குக்குள் நுழைவது. கையில் ஐபோன் இருந்தால் Settings திறந்து, மேலே உள்ள பெயரைத் தொட்டு, Subscriptions போனால் போதும். போன் இல்லாவிட்டால் விண்டோஸ் கணினியில் ஆப்பிள் மியூசிக் செயலியை நிறுவி அதே கணக்கில் நுழையலாம். சரிபார்ப்பு எண் பதிவுசெய்த கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வரும் என்பதால் அந்த சிம் உயிரோடு இருக்க வேண்டும். புதுப்பிப்புக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே, அதாவது 9ஆம் தேதிக்கு முன்பே நிறுத்திவிடுவது நல்லது. ஆண்ட்ராய்டில் வாங்கியிருந்தால் பிளே ஸ்டோரில் மேலே உள்ள படத்தைத் தொட்டு Payments & subscriptions போக வேண்டும்.

இந்தியாவில் இன்னொரு வாசலும் உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி தானாகப் பணம் எடுக்க வாடிக்கையாளரின் மேண்டேட் வேண்டும், யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியில் அதைப் பார்க்கலாம். அங்கேயும் இருப்பது கடையின் பெயர்தான். அந்த மேண்டேட்டை ரத்து செய்தால் பணம் போவது நிற்கும்; ஆனால் கடையின் ஏட்டில் சந்தா ‘பணம் வரவில்லை’ என்ற நிலையில் கிடக்கும். வேறு பணவழி கணக்கில் இருந்தால் அதிலிருந்து எடுக்க முயற்சி நடக்கலாம். சந்தாவைக் கடையில் நிறுத்திவிட்டு மேண்டேட்டைத் தொடுவதே சரியான வரிசை.

எந்தக் கல்லா என்பது தெரியாவிட்டால் முதல் ரசீது மின்னஞ்சலைத் தேட வேண்டும். ஆர்டர் எண் GPA. என்று தொடங்கினால் கூகுள். ஆப்பிள் என்றால் ரசீதை அனுப்பியவர் ஆப்பிளாகவே இருப்பார். இரண்டும் இல்லாமல் நிறுவனமே ரசீது அனுப்பியிருந்தால் இணையதளத்தில் பொத்தான் இருக்கும்.

கடைச் சந்தாவை இணையதளத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமானால், பெரும்பாலும் நேரடியாக இடம் மாற்ற முடிவதில்லை. கடையில் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு, கட்டிய மாதம் முடியும்வரை காத்திருந்து, அதே மின்னஞ்சல் கணக்கில் இணையதளத்தில் புதிதாகச் சேர வேண்டும். படித்த பாடங்களும் சேமித்த பட்டியல்களும் நிறுவனத்தின் கணக்கில் இருப்பவை, கடையின் ஏட்டில் இல்லை. ஆகவே கணக்கை அழிக்காதவரை அவை பொதுவாக அப்படியே இருக்கும். அடுத்த முறை கணக்குப் பக்கத்தைத் திறக்கும்போது ரத்து செய்யும் பொத்தான் அங்கே இருக்கும்.