தலைகீழான யீல்டு கர்வும் சாதாரண முதலீட்டாளரும்

அமெரிக்க அரசு தான் வாங்கும் கடனுக்குப் பல காலக்கெடுகளில் பத்திரங்களை வெளியிடுகிறது. 3 மாதத்தில் முதிர்பவை உண்டு. 2 ஆண்டு, 10 ஆண்டு, 30 ஆண்டு என நீள்பவையும் உண்டு. ஒவ்வொரு காலத்துக்கும் சந்தையில் அன்று கிடைக்கும் வருவாய் விகிதத்தைப் புள்ளியாக வைத்து, புள்ளிகளை இணைத்தால் வரும் கோட்டுக்கு யீல்டு கர்வ் என்று பெயர். இந்தக் கோடு வழக்கமாக மேல்நோக்கி ஏறும். பணத்தை நெடுங்காலம் விட்டுவைப்பவர் பணவீக்கத்துக்கும் வட்டி மாற்றத்துக்கும் ஆளாகிறார், அதற்கு ஈடாகக் கூடுதல் வருவாய் கேட்கிறார். எப்போதாவது இது புரண்டுவிடும். 10 ஆண்டுப் பத்திரத்தைவிட 2 ஆண்டு அல்லது 3 மாதப் பத்திரம் அதிக வருவாய் தரும். அந்த நிலைதான் தலைகீழ் யீல்டு கர்வ். பொருளாதார மந்தநிலைக்கான எச்சரிக்கைகளில் இதைவிடப் புகழ்பெற்றது வேறில்லை.

கோட்டின் இரு முனைகளையும் வெவ்வேறு கைகள் அசைக்கின்றன. குறுகிய கால வட்டி, மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் முடிவையொட்டி நகரும். விலைவாசி ஏறினால் அது வட்டியை உயர்த்தும், குறுகிய முனை எழும்பும். நீண்ட முனையைப் பத்திரம் வாங்குவோரின் எதிர்பார்ப்பு தீர்மானிக்கிறது. இவ்வளவு உயர்ந்த வட்டியால் தொழில் தளரும், பிறகு மத்திய வங்கி வட்டியைக் குறைத்தே ஆகவேண்டும் என்று நினைப்பவர்கள், இன்றைய வட்டியைப் பல ஆண்டுகளுக்கு உறுதிசெய்துகொள்ள நீண்ட காலப் பத்திரங்களை வாங்குகிறார்கள். ஆண்டுக்கு 40 டாலர் வட்டி தரும் 1,000 டாலர் பத்திரத்துக்குப் போட்டி மிகுந்து விலை 1,050 டாலர் ஆனால், புதிதாக வாங்குபவருக்குக் கிடைக்கும் வருவாய் 4 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். இப்படித்தான் நீண்ட முனை தாழ்கிறது. ஆக, தலைகீழ் கோடு சொல்வதெல்லாம் ஒன்றுதான்: வருங்காலத்தில் வட்டி இறங்கும் என்று பத்திரச் சந்தை கணிக்கிறது. அந்த இறக்கம் மந்தநிலையால் வரலாம், விலைவாசி அடங்கியதாலும் வரலாம்.

கேம்ப்பெல் ஹார்வி 1986இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வு, இந்தக் கோட்டுக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை நிறுவியது. 1960களின் இறுதியிலிருந்து அமெரிக்கா கண்ட ஒவ்வொரு மந்தநிலைக்கு முன்பும் கோடு புரண்டிருக்கிறது. இந்தப் பெருமையை ஏற்கும்போதே அதன் அடித்தளம் எவ்வளவு சிறியது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த மந்தநிலைகள் மொத்தமே எட்டு. அவற்றில் ஒன்று 2020இல் கொரோனாவால் வந்தது. 2019இல் புரண்ட கோட்டுக்கு அந்தக் கிருமியைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. 1966இல் கோடு புரண்டபோது வளர்ச்சி மட்டுப்பட்டதே தவிர, மந்தநிலை வரவில்லை.

பெரிய சோதனை 2022இல் வந்தது. விலைவாசியை அடக்க ஃபெடரல் ரிசர்வ் அந்த ஆண்டு மார்ச்சில் வட்டியை ஏற்றத் தொடங்கியது. ஜூலை முதல் வாரத்தில் 2 ஆண்டு வருவாய் 10 ஆண்டு வருவாயைத் தாண்டியது. அடுத்த ஆண்டு இடைவெளி ஒரு சதவீதப் புள்ளியையும் மிஞ்சியது. 2024 செப்டம்பர் வரை, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கோடு புரண்டே கிடந்தது. மந்தநிலை வரவில்லை. லட்சக்கணக்கான குடும்பங்கள் வட்டி மலிவாக இருந்தபோதே 30 ஆண்டு நிலையான வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியிருந்தன. பல பெரிய நிறுவனங்களும் அப்படியே நீண்ட காலக் கடனைத் திரட்டி வைத்திருந்தன. ஆகவே உயர்ந்த வட்டி அவர்களை உடனே தொடவில்லை. அரசின் செலவும் தாராளமாக இருந்தது. ஹார்வியே 2023 தொடக்கத்தில், இந்த முறை தன் குறியீடு பொய்க்கக்கூடும் என்றார்.

அந்த ஜூலையில் எச்சரிக்கையை நம்பி, 10,000 டாலர் பங்கு முதலீட்டை விற்று 3 மாத அரசுப் பத்திரங்களுக்கு மாறிய ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அப்போது எஸ் அண்ட் பி 500 குறியீடு சுமார் 3,830 புள்ளிகளில் இருந்தது. அக்டோபரில் அது 3,577க்கு இறங்கியது. விற்றவருக்குத் தன் முடிவு சரி என்றே தோன்றியிருக்கும், இன்னும் இறங்கட்டும் என்று காத்திருக்கவும் தோன்றியிருக்கும். சந்தை காத்திருக்கவில்லை. கோடு நிமிர்ந்த 2024 செப்டம்பரில் குறியீடு சுமார் 5,500இல் நின்றது. பங்குகளை வைத்திருந்தால் டிவிடெண்ட் சேர்க்காமலே 14,300 டாலர் அளவுக்கு வளர்ந்திருக்கும் பணம், பத்திரங்களில் ஏறத்தாழ 11,000 டாலராகவே நின்றது. மூன்று மாதம் சரியாக இருந்ததற்கு அவர் கொடுத்த விலை இது.

எச்சரிக்கை பலித்த காலத்திலும் கணக்கு எளிதாக இல்லை. 2006இல் பெரும்பகுதி கோடு புரண்டிருந்தது. மந்தநிலை 2007 டிசம்பரில்தான் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பங்குகள் ஏறிக்கொண்டே போய், 2007 அக்டோபரில் எஸ் அண்ட் பி 1,565இல் உச்சம் தொட்டன. 2006 தொடக்கத்தில் 1,250 வாக்கில் விற்றவர், ஒன்றரை ஆண்டுக்கு மேல் மற்றவர்கள் சம்பாதிப்பதைப் பார்த்துக்கொண்டே பொறுத்திருக்க வேண்டும். பிறகு, வங்கிகள் விழுந்துகொண்டிருந்த 2008 கடைசியிலோ 2009 மார்ச்சில் குறியீடு 676க்கு வந்தபோதோ, துணிந்து திரும்ப வாங்கியிருக்க வேண்டும். முதல் முடிவைச் சரியாக எடுத்தவர்களில் பலர் தடுமாறுவது இந்த இரண்டாவது முடிவில்தான். மந்தநிலை தொடங்கியது என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கும் தேசியப் பொருளாதார ஆய்வுக் கழகம், 2007 டிசம்பர் தொடக்கத்தை 2008 டிசம்பர் 1 அன்றுதான் அறிவித்தது. அதற்குள் சந்தை உச்சத்திலிருந்து ஏறக்குறைய பாதியாகியிருந்தது.

வேலையின்மையை வைத்துப் பார்க்கும் சாம் விதி இந்தத் தாமதத்தைக் குறைக்க உதவுகிறது. வேலையின்மை விகிதத்தின் மூன்று மாதச் சராசரி, முந்தைய 12 மாதங்களில் தொட்ட மிகக் குறைந்த அளவைவிட அரைப் புள்ளி உயர்ந்தால் மந்தநிலை தொடங்கிவிட்டது என்பது விதி. 2024 ஆகஸ்டு தொடக்கத்தில் இந்த மணியும் அடித்தது. குடியேற்றத்தால் வேலை தேடுவோர் பெருகியது கணக்கைக் குழப்பியிருக்கலாம் என்று விதியை வகுத்த கிளாடியா சாமே எச்சரித்தார். ஆகஸ்டு 5 அன்று எஸ் அண்ட் பி 3 சதவீதம் சரிந்தது. அந்த மாதம் முடிவதற்குள் இழந்ததை மீட்டுவிட்டது.

எனவே யீல்டு கர்வைப் பார்த்துப் பங்குகளை ஒரேயடியாக விற்பது சாதாரண முதலீட்டாளருக்கு உகந்த வழியல்ல. அது எப்போது என்று சொல்வதில்லை, எவ்வளவு விழும் என்றும் சொல்வதில்லை. இரண்டும் தெரியாமல் விற்பவருக்குத் திரும்ப வாங்கும் நாளும் தெரியாது. ஆனால் இந்த எச்சரிக்கையைக் கேட்டு ஒருவருக்குத் தூக்கம் கெடுகிறது என்றால், அவருடைய பணப் பங்கீட்டில் ஏற்கெனவே கோளாறு இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ வீட்டின் முன்பணத்துக்கோ வேண்டிய தொகை, கோடு எப்படி இருந்தாலும் பங்குகளில் இருக்கக் கூடாது. வேலை போனால் ஆறு மாதம் குடும்பம் நடத்தும் பணமும் அப்படித்தான். மந்தநிலையில் வேலையும் பங்கு விலையும் சேர்ந்தே போகக்கூடும். பதினைந்து ஆண்டு கழித்து ஓய்வுபெறப்போகும் ஒருவரின் மாதாந்திர முதலீட்டை நிறுத்த இந்தக் கோடு ஒரு காரணமாகாது.

வட்டி வருமானத்தை நம்பி வாழ்பவருக்கு மட்டும் இது நேரடியாக ஒன்றைச் சொல்கிறது. கோடு புரண்டிருக்கும்போது குறுகிய காலப் பத்திரத்தின் உயர்ந்த வட்டி கவர்ச்சியாக இருக்கும். அது நிலைக்காது என்பதுதான் சந்தையின் கணிப்பு. 2024 நடுவில் 3 மாதப் பத்திரம் 5 சதவீதத்துக்கு மேல் தந்தது. செப்டம்பரில் ஃபெடரல் ரிசர்வ் வட்டியைக் குறைக்கத் தொடங்கியதும் ஆண்டு முடிவில் அது 4.3 சதவீத அளவுக்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் நீண்ட காலத்துக்கு மாற்றுவதும் ஆபத்துதான். 2022 ஜூலையில் சுமார் 3 சதவீதத்துக்கு 10 ஆண்டுப் பத்திரம் வாங்கியவர், 2023 அக்டோபரில் அந்த வருவாய் 5 சதவீதத்தைத் தொட்டபோது பத்திரத்தின் விலை நன்றாக விழுந்ததைக் கண்டார். தொகையைப் பல பங்காகப் பிரித்து 1, 3, 5 ஆண்டு என வெவ்வேறு காலங்களில் முதிரும்படி வைத்தவருக்கு, எந்தப் பக்கம் வட்டி போனாலும் முழுத் தொகையும் ஒரே அளவில் அடி வாங்காது.