மூன்று வளையம், ஒரு மோட்டார்

டிசி மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டைக் காகிதத்தில் வரைந்தால் நான்கு பெட்டிகள் வரிசையாக நிற்கும்: வேகக் கட்டுப்படுத்தி, மின்னோட்டக் கட்டுப்படுத்தி, ஆர்மச்சூர், சுழலும் பாகம். இவற்றின் கெயின் முறையே 10, 5, 2, 4 என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் s கொண்ட ஒரு கோவை இருக்கும். எண்களிலேயே முறை விளங்கிவிடும்.

இந்த வரிசையில் மூன்று பின்னூட்டங்கள் திரும்பி வருகின்றன. அளந்த மின்னோட்டம் இரண்டாம் பெட்டிக்கு முன்னால் கழிக்கப்படுகிறது. சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் பேக் இஎம்எஃப், வேகத்தில் 0.1 பங்காக, மூன்றாம் பெட்டிக்கு முன்னால் கழிகிறது. அளந்த வேகம் முதல் பெட்டிக்கே போகிறது.

பிளாக் டயகிராமைச் சுருக்க உட்கார்ந்தால் உடனே முட்டும். முதலிரண்டு வளையங்களும் ஒன்றுக்குள் ஒன்று அடங்காமல் பின்னிக்கிடக்கின்றன. மின்னோட்டம் பிரியும் புள்ளியை நான்காம் பெட்டிக்குப் பின்னால் தள்ளினால் சிக்கல் அவிழும். ஆனால் அங்கே கிடைப்பது நான்கு மடங்கான சிக்னல். அந்தப் பாதையில் 1/4 பெட்டி ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். அதன்பின் உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக மடக்கினால் விடை 400/411.8, அதாவது 0.971. பரீட்சைத் தாள்களில் காணாமல் போவது அந்த 1/4தான். அதை விட்டால் 0.905 வரும், பார்வைக்கு நம்பும்படியான எண் என்பதால் தவறு கண்ணில் படாது.

எம்ஐடியில் பணியாற்றிய சாமுவேல் மேசன் 1956இல் வெளியிட்ட விதிக்கு இந்த இடமாற்றமே தேவையில்லை. பெட்டிகளைக் கோடுகளாகவும் சிக்னல்களைப் புள்ளிகளாகவும் வரைந்து, முன்செல்லும் பாதையின் பெருக்கலை மேலே எழுதவேண்டும்: 400. கீழே 1 எழுதி, அதிலிருந்து வளையங்களின் கெயினைக் கழிக்கவேண்டும். மூன்றும் எதிர்க்குறி வளையங்கள் என்பதால் கழித்தல் கூட்டலாகிறது: 1 + 10 + 0.8 + 400. அதே 411.8.

ஒன்றையொன்று தொடாத வளையங்கள் இருந்தால் அவற்றின் பெருக்கலையும் கீழே கூட்டவேண்டும். இங்கே மூன்றும் ஆர்மச்சூர் வழியாகவே போவதால் அந்த வேலை இல்லை. இதைக் கவனிக்காமல் 10 × 0.8 சேர்ப்பவர்களும் உண்டு.

விதியின் உண்மையான லாபம் அடுத்த கேள்வியில் தெரிகிறது. சுமை ஏறினால் வேகம் எவ்வளவு குறையும்? சுமையை அதற்கு ஈடான மின்னோட்டமாக எடுத்தால், அது நான்காம் பெட்டிக்கு முன்னால் நுழைகிறது. பாதை வெறும் 4. அந்தப் பாதையைத் தொடாதது மின்னோட்ட வளையம் மட்டும். அதனால் மேலே 4 × (1 + 10) = 44. கீழே பழைய 411.8 அப்படியே நிற்கிறது. ஒரு அலகு சுமைக்கு வேகம் சுமார் 0.107 குறையும். பெட்டிகளைச் சுருக்குபவரோ படத்தை மறுபடி முதலிலிருந்து வரையவேண்டும்.

இரண்டு முறைகளும் நேரியல் அமைப்புக்கு மட்டுமே செல்லும். மோட்டார் கிளம்பும்போது மின்னோட்டம் அதன் உச்சவரம்பில் முட்டி நின்றுவிட்டால், அந்த நேரத்துக்கு 0.971 பொருந்தாது.